ப்ரொபேஷன் ஆறு மாதம்: எதை, எப்போது கேட்பது?

நியமனக் கடிதத்தில் ப்ரொபேஷனைப் பற்றி வழக்கமாக மூன்று நான்கு வரிகள்தான் இருக்கும். சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் ப்ரொபேஷன். வேலை திருப்தியாக இருந்தால் எழுத்து மூலம் பணி உறுதி செய்யப்படும். தேவைப்பட்டால் காலம் நீட்டிக்கப்படும். இதற்கிடையில் யார் விலகுவதானாலும் இத்தனை நாள் நோட்டீஸ். கையெழுத்துப் போடுகிறவர் சம்பளத்தைப் பார்க்கிறார், நோட்டீஸ் நாளைப் பார்க்கிறார், மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார். எந்த வேலையை எப்படிச் செய்தால் திருப்தி, அதை யார் சொல்ல வேண்டும், எந்தத் தேதியில் பார்த்து முடிவெடுப்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருப்பதில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் வேறு எந்தத் தாளிலும் இருப்பதில்லை. மேலாளரின் மனதில் இருக்கிறது. அவரிடமே கேட்டால்கூடச் சட்டென்று சொல்லத் தெரியாத அளவுக்கு உள்ளே கிடக்கிறது.

இதனால் நடப்பது என்னவென்றால், புதிதாக வந்தவர் தனக்குத் தெரிந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கடுமையாக உழைக்கிறார். மேலாளர் வேறொரு அளவுகோலை வைத்து அளக்கிறார். இரண்டு பேருமே நியாயமானவர்களாக இருந்தும் கடைசியில் 'ப்ரொபேஷன் மூன்று மாதம் நீட்டிக்கப்படுகிறது' என்று ஒரு கடிதம் வருகிறது.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு பார்த்தால்தான் இது விளங்கும். கோவையில் பம்ப், மோட்டார் உதிரிபாகங்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு நிறுவனம். அதன் கணக்குப் பிரிவில் பி.காம். முடித்த ஒரு பெண் சேர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கொடுத்த வேலை கொள்முதல் பில்களை டாலியில் ஏற்றுவது, சப்ளையர் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது. முந்தைய ஆள் போய் இரண்டு மாதமாகியிருந்ததால் மேசையில் பில்கள் குவிந்து கிடக்கின்றன. இவர் கை வேகமானவர். பத்து நாளில் குவியல் கரைகிறது. பக்கத்து மேசைக்காரர்கள் பாராட்டுகிறார்கள். தன் வேலையின் அளவுகோல் வேகம்தான் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார்.

அந்த வேகத்தில் ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது. சப்ளையர்கள் பலர் சரக்கை லாரியில் ஏற்றியதுமே பில்லை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். சரக்கு வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். வந்த சரக்கைக் கிடங்கில் எண்ணிப் பார்த்து ஒரு வரவுச் சீட்டு போடுவார்கள். அலுவலகத்தில் அதை ஜி.ஆர்.என். என்பார்கள். இவரோ மின்னஞ்சலில் வந்த பில்லை அன்றைக்கே ஏற்றிவிடுகிறார். பில்லில் 40 மோட்டார், வந்து இறங்கியது 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். டாலியில் 40க்கும் பாக்கி நிற்கிறது. சப்ளையர் போன் செய்து கேட்கிறார், மேலாளர் திரையைப் பார்த்து முழுத்தொகையையும் ஒப்புக்கொள்கிறார். நாலு நாள் கழித்துக் கிடங்கிலிருந்து குறைவு என்று செய்தி வருகிறது. இனி டெபிட் நோட் போட வேண்டும், ஒப்புக்கொண்டதை மறுத்துப் பேச வேண்டும், சப்ளையரிடம் மேலாளருக்கு முகம் சிறுக்கிறது. இதற்காக அவர் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. புதுசு, போகப்போகத் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார். ஆனால் மனதில் ஒரு குறிப்பு விழுந்துவிட்டது.

ப்ரொபேஷனில் ஆபத்தானது இந்த மௌனம்தான். திட்டு வாங்குகிறவருக்குத் தன் தவறு தெரியும். அதைத் திருத்திக்கொள்ளலாம். யாரும் எதுவும் சொல்லாமல் விட்டுவிடும்போது எல்லாம் சரியாகப் போவதாகவே தோன்றும்.

இதற்கு மருந்து, முதல் பேச்சை இரண்டாவது வாரத்தின் கடைசியில், நாமே கேட்டு வைத்துக்கொள்வது. சேர்ந்த முதல் நாளே 'என்னிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள்' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும்; நமக்கும் வேலை தெரியாததால் மேற்கொண்டு கேட்க எதுவும் இருக்காது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் அபிப்பிராயம் கெட்டிப்பட்டிருக்கும். பத்து வேலைநாள் ஆனபின், கை வைத்துப் பார்த்த வேலை நாலைந்து இருக்கும். மேலாளருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். நேரத்தையும் பார்த்துக் கேட்க வேண்டும். கணக்குப் பிரிவில் 20ஆம் தேதிக்கு முந்தைய வாரத்தில் மேலாளரை உட்காரச் சொல்லக் கூடாது. அந்தத் தேதிக்குள் பெரும்பாலான நிறுவனங்கள் மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்கான 3பி படிவத்தைத் தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும். மற்ற வேலைகளுக்கும் இப்படி ஒரு நெருக்கடி வாரம் உண்டு, அதைத் தெரிந்துகொள்வதே முதல் பாடம்.

"சார், வேலை ஓரளவு பிடிபட்டிருக்கு. எதை முதல்ல பார்க்கணும், எதுல கவனமா இருக்கணும்னு உங்ககிட்ட ஒரு இருபது நிமிஷம் கேட்டுக்கணும். செவ்வாய்க்கிழமை மதியம் தோதுப்படுமா?" இவ்வளவு போதும். 'மீட்டிங்' என்று பெரிதாக்க வேண்டியதில்லை. எதைப் பற்றி என்று முன்பே சொல்லிவிடுவது முக்கியம், இல்லையென்றால் வேலையை விடப்போகிறாரோ என்று அவர் கலங்குவார்.

புதிய பொறுப்புக்கு வருகிறவர்களுக்காக மைக்கேல் வாட்கின்ஸ் என்ற அமெரிக்க மேலாண்மை ஆசிரியர் 2003இல் முதல் தொண்ணூறு நாள் பற்றி ஒரு நூல் எழுதினார். மேலதிகாரியுடன் ஐந்து விஷயங்களைத் தனித்தனியே பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளச் சொல்கிறார்: நிலைமை, எதிர்பார்ப்பு, பழகும் விதம், கையில் இருக்கும் வசதிகள், சொந்த வளர்ச்சி. அவர் மனதில் இருந்தவர்கள் பெரிய பதவிக்கு வருகிறவர்கள். நம் ஊர் நடுத்தர நிறுவனத்தில் கீழ்மட்டத்தில் சேர்கிறவருக்கு ஐந்தும் ஒரே மூச்சில் தேவையில்லை என்பது என் கருத்து. எதிர்பார்ப்பையும், எதுவரை தானே முடிவெடுக்கலாம் என்பதையும் தெளிவுபடுத்திக்கொண்டாலே ஆறு மாதத்தின் பெரும்பாரம் இறங்கிவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நம் கணக்குப் பெண் மூன்று கேள்விகளோடு போகிறார். முதல் கேள்வி: "ஆறு மாசம் கழிச்சு, இந்த ஆள் சரிதான்னு நீங்க சொல்லணும்னா, எது நடந்திருக்கணும் சார்?" மேலாளர் கொஞ்சம் யோசித்து, "கணக்கு சுத்தமா இருக்கணும்மா" என்கிறார். இங்கே பலர் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுவார்கள். சுத்தம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதனால் இரண்டாவது கேள்வி: "இதுக்கு முன்னாடி இந்த வேலையில எது உங்களுக்குத் தொந்தரவா இருந்தது சார்?"

எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள கேள்வி கிடையாது. எது வேண்டும் என்று சொல்லத் தடுமாறுகிறவர்கள்கூட எது எரிச்சல் என்பதைக் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். முந்தைய ஆளைப் பற்றிக் கேட்காமல் வேலையைப் பற்றிக் கேட்பதால் புறம்பேசும் சங்கடமும் இல்லை. மேலாளர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறார். "சப்ளையர் போன் எல்லாம் எனக்கே வரும்மா. பணம் எப்போ, டெபிட் நோட் ஏன்னு ஒரு நாளைக்குப் பத்து போன். அப்புறம் 2பி லிஸ்ட். 19ஆம் தேதி ராத்திரி கொண்டுவந்து கொடுத்தா நான் என்ன பண்றது? ஆங், இன்னொண்ணு. பில்லை வேகமா ஏத்தறீங்க, நல்லதுதான். ஆனா ஜி.ஆர்.என். வராத பில்லை ஏத்தாதீங்க."

அவர் சொன்ன 2பி பட்டியலைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் சரக்கு வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சப்ளையர் அந்தப் பில்லைத் தன் கணக்கில் காட்டியிருந்தால்தான் கழிக்க முடியும். யார் யார் காட்டியிருக்கிறார்கள் என்ற அறிக்கை, ஜி.எஸ்.டி.ஆர். 2பி, மாதந்தோறும் 14ஆம் தேதி இணையதளத்தில் வருகிறது. அதை நம் டாலியோடு ஒப்பிட்டு, விடுபட்டவர்களைப் பிடித்துக் கேட்டு, எவ்வளவு கழிக்கலாம் என்று 20ஆம் தேதிக்குள் முடிவுசெய்ய வேண்டும். 19ஆம் தேதி இரவு பட்டியல் கிடைத்தால் யாரையும் பிடிக்க முடியாது. அந்தத் தொகையை அந்த மாதம் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். மேலாளர் 'சுத்தம்' என்றதில் பாதி இந்த ஐந்தாறு நாளில் இருக்கிறது. நியமனக் கடிதத்தில் '2பி' என்ற எழுத்தே கிடையாது.

மூன்றாவது கேள்வி அதிகாரத்தின் எல்லையைப் பற்றியது: "எதையெல்லாம் நானே முடிச்சுடலாம், எதுக்கெல்லாம் உங்களைக் கேட்கணும் சார்?" பேசியதில் ஒரு வரம்பு கிடைக்கிறது. ஆர்டரில் இருக்கும் விலைக்கும் பில் விலைக்கும் 500 ரூபாய் வரை வித்தியாசம் இருந்தால் இவரே சப்ளையரிடம் பேசி டெபிட் நோட் போட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் கேட்க வேண்டும். பணம் எந்தத் தேதியில் போகும் என்று மட்டும் எந்தச் சப்ளையருக்கும் இவராக வாக்குக் கொடுக்கக் கூடாது. இது தெரியாமல் இருந்தால் இரண்டு விதமாகவும் பெயர் கெடும். தொட்டதற்கெல்லாம் போய்க் கேட்கிறவர் என்றும் சொல்வார்கள், கேட்காமல் செய்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

பேசியதை அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிட வேண்டும். நீளம் வேண்டாம்.

"சார், இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டவை: ஜி.ஆர்.என். இல்லாத பில்லை டாலியில் ஏற்றுவதில்லை. 2பி ஒப்பீட்டை ஒவ்வொரு மாதமும் 16ஆம் தேதி மாலைக்குள் தருகிறேன். சப்ளையர் போன்களை நானே எடுத்துப் பதில் சொல்கிறேன். பணம் கொடுக்கும் தேதி மட்டும் உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன். விலை வித்தியாசம் 500 ரூபாய் வரை நானே முடித்துவிடுகிறேன். ஏதாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்."

இதைப் படிக்கும்போது மேலாளருக்கு விட்டுப்போன ஒன்று ஞாபகம் வரலாம். இரண்டு வரியில் பதில் போடுவார். அதைவிடப் பெரிய பயன் பின்னால் தெரியும். நாலாவது மாதத்தில் அந்த மேலாளரே வேலையை விட்டுப் போய்விட்டால், புதிதாக வருகிறவரிடம் காட்ட இந்த மடல் ஒன்றுதான் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதைவிட அலுவலக மின்னஞ்சலில் அனுப்புவது நல்லது என்பதும் இதனால்தான்.

குடும்ப நிறுவனங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மேலாளர் ஒன்று சொல்வார், முதலாளி ஒன்று சொல்வார். 'மாசக் கடைசியில் பில்லிங் கவுன்டரில் உட்காரும்மா' என்று முதலாளியின் தம்பி சொல்லிவிட்டுப் போவார். மறுக்கவும் முடியாது. செய்தால் இங்கே வேலை நிற்கும். புதிதாக வந்தவர் இரண்டையும் தலையில் போட்டுக்கொண்டு இரவு எட்டு மணிவரை உட்கார்ந்திருப்பார். அப்படிச் செய்யாமல் அன்றைக்கே மேலாளரிடம் போய், "கவுன்டர்ல உட்காரச் சொல்லியிருக்காங்க சார். உட்கார்ந்தா இந்த வார பேமென்ட் லிஸ்ட் ரெண்டு நாள் தள்ளும். எதை முதல்ல பண்ணட்டும்?" என்று கேட்டுவிட வேண்டும். புகாராகச் சொல்லாமல், எது தள்ளும் என்று நாள் கணக்கோடு சொன்னால் பெரியவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தீர்த்துக்கொள்ளாவிட்டாலும் பின்னால் ஏன் தாமதம் என்ற கேள்விக்கு விடை முன்பே சொல்லப்பட்டிருக்கும்.

இரண்டாவது பேச்சு ஏறத்தாழ நாற்பத்தைந்தாம் நாளில், ஒரு மாதச் சுற்று முழுசாக முடிந்தபிறகு. இங்கே பெரும்பாலோர் கேட்பது, "நான் எப்படிப் பண்றேன் சார்?" அதற்குக் கிடைப்பது, "நல்லாத்தானே பண்றீங்க." முகத்துக்கு நேரே குறை சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வராது, அதிலும் பிள்ளை வயதில் இருப்பவரிடம். ஆகவே தன்னைப் பற்றிக் கேட்காமல், செய்த வேலை ஒன்றை மேசையில் வைத்து அதைப் பற்றிக் கேட்க வேண்டும். நம் பெண் அந்த மாதத்து 2பி பட்டியலின் நகலை எடுத்துக்கொண்டு போகிறார். "இதை 16ஆம் தேதி கொடுத்தேன் சார். இதுல எதை மாத்திக் கொடுத்தா உங்களுக்கு வேலை குறையும்?"

தாளைக் குறை சொல்வதில் யாருக்கும் கூச்சம் இல்லை. மேலாளர் பேனாவை எடுக்கிறார். பட்டியல் சப்ளையர் பெயரின் அகரவரிசையில் இருக்கிறது. வரித்தொகை பெரியதிலிருந்து சிறியதாக வந்தால் மேலே இருக்கும் ஏழெட்டுப் பேரைப் பிடித்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்கிறார். பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, போன் செய்தாயிற்றா, என்ன பதில் என்று எழுதச் சொல்கிறார். பில் எண்ணைத் தப்பாகப் போட்டதால் மட்டும் ஒத்துப்போகாதவற்றைத் தனியாக அடியில் தள்ளச் சொல்கிறார். பதினைந்து நிமிடத்தில் அவருடைய பல வருட அனுபவம் தாளில் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் அவர் சொன்னபடியே பட்டியல் வரும்போது, சொன்னால் எடுத்துக்கொள்கிற ஆள் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். என் அனுபவத்தில் ப்ரொபேஷனில் மேலாளர்கள் உண்மையில் தேடுவது அதைத்தான். ஆறு மாதத்தில் யாரும் முழு வேலையும் கற்றுவிடப் போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது பேச்சு நாலாம் மாதத்தின் தொடக்கத்தில். இதை ஆறாம் மாதத்துக்குத் தள்ளிவைப்பவர்கள் ஏமாறுகிறார்கள். முறையான மனிதவளப் பிரிவு இருக்கும் நிறுவனங்களில் மதிப்பீட்டுப் படிவம் ப்ரொபேஷன் முடிவதற்குச் சில வாரம் முன்பே மேலாளரின் கைக்கு வந்துவிடும். அவர் அதை நிரப்பும்போது கண்முன் நிற்பது அதற்கு முந்தைய இரண்டு மாத வேலைதான். எனவே குறை ஏதாவது இருந்தால் அது நாலாம் மாதத்திலேயே தெரிந்தாக வேண்டும். திருத்திக் காட்ட இரண்டு மாதச் சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். இந்த முறை கேள்வியும் நேரடியாகவே இருக்கலாம்: "இன்னைக்கே என் கன்ஃபர்மேஷன் பேப்பர் உங்க மேசைக்கு வந்தா, கையெழுத்துப் போட எது யோசனையா இருக்கும் சார்?" பதிலாக வருவது ஒரே ஒரு விஷயமாக இருந்தாலும் அதையும் முன்போலவே எழுதி அனுப்ப வேண்டும்.

இந்தப் பேச்சுகளுக்கு நடுவில் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. உரக்கக் கண்டிப்பது மோசமான அறிகுறி இல்லை. நம்மிடம் கொடுத்த வேலையை மேலாளர் சத்தமில்லாமல் திரும்ப எடுத்துத் தானே செய்ய ஆரம்பிப்பது, அல்லது நம் மேசையின் விஷயத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பது, இதுதான் மோசமானது. நம்மேல் நம்பிக்கை குறைகிறது என்று அர்த்தம். வேலை குறைந்ததே என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. "அந்த லிஸ்ட்டை திரும்ப என்கிட்டயே விடணும்னா நான் எதைச் சரிபண்ணணும் சார்?" என்று அந்த வாரத்திலேயே கேட்க வேண்டும்.

எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்லமாட்டேன். இரண்டு முறை நேரம் கேட்டும் உட்காராத மேலாளர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எதிர்பார்ப்பைச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தச் செய்தியும் நமக்குத்தான். பல நிறுவனங்களில் ப்ரொபேஷனில் நோட்டீஸ் காலம் குறைவு. உறுதியானபின் அது இரண்டு மூன்று மாதமாக நீண்டுவிடும். வெளியேற வேண்டிய இடம் என்று தெரிந்தால் அதற்குச் சுலபமான காலம் இதுதான்.

சட்டத்தில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. ப்ரொபேஷன் முடிந்தபிறகுதான் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்போம் என்று சில இடங்களில் சொல்வார்கள், அது தவறு. அந்தச் சட்டங்கள் பொருந்தும் நிறுவனத்தில், சம்பள வரம்புக்குள் வருகிறவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே பிடித்தாக வேண்டும். அடுத்து, 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவு. அதன்படி ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நிறுத்தக் கூடாது.

மூன்றாவது, ஆறு மாதம் முடிந்த மறுநாள் எந்தக் கடிதமும் வராவிட்டால் தானாகவே நிரந்தரம் ஆகிவிட்டோம் என்று நினைப்பது. நியமனக் கடிதத்தில் 'எழுத்து மூலம் உறுதி செய்யப்படும்' என்று இருந்தால், பொதுவாக அந்தக் கடிதம் வரும்வரை ப்ரொபேஷன் தொடர்வதாகவே நீதிமன்றங்கள் எடுத்துக்கொள்கின்றன. இத்தனை காலத்துக்கு மேல் நீட்டிக்கவே முடியாது என்று விதியிலேயே உச்சவரம்பு இருக்கும் இடங்களில் மட்டும் நிலைமை வேறு. ஆகவே கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே மனிதவளப் பிரிவுக்கு, அது இல்லாத இடத்தில் முதலாளிக்கு, மேலாளரையும் சேர்த்து ஒரு மடல் போட வேண்டும்: "என் ப்ரொபேஷன் இன்ன தேதியில் முடிகிறது. பணி உறுதிக் கடிதம் எப்போது கிடைக்கும்?"

பதிலாக நீட்டிப்பு வந்தால் அதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த வேலையில் குறை, எந்தத் தேதிவரை நீட்டிப்பு, எதைப் பார்த்து முடிவெடுப்பார்கள். 'இன்னும் முன்னேற்றம் தேவை' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வேலையில், எவ்வளவு என்று கேட்டு அதே நாளில் பதில் போடுங்கள். நீட்டித்த காலத்தின் முதல் பேச்சை அடுத்த வாரத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.